நேற்றிரவு குடித்தது எதுவரை தெரியும்?

காலை ஏழு மணி. என் மகள் ஏறும் பள்ளி வேனை முனையில் நிறுத்திவிட்டார்கள். போக்குவரத்துக் காவலர் கையில் செங்கல் அளவில் ஒரு கருவி. முனையில் புதிதாக ஒரு பிளாஸ்டிக் குழலைச் செருகி வேன் ஓட்டும் அண்ணனிடம் நீட்டினார். "மூச்சை நல்லா இழுத்து, பீப் சத்தம் நிக்கிற வரைக்கும் ஊதுங்க." ஐந்தாறு விநாடி ஊதினார். திரையில் 88 என்று வந்தது.

"சார், காலைல ஒரு சொட்டு தொடல சார். நேத்து ராத்திரி மச்சான் வீட்டு விசேஷம். பதினொரு மணிக்கே முடிச்சிட்டோம். தூங்கி எந்திரிச்சு, குளிச்சு, நாலு இட்லி சாப்பிட்டுத்தான் வண்டிய எடுத்தேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. கருவியிலும் கோளாறு இல்லை. வேனில் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், என் மகளும் அவர்களில் ஒருத்தி. அன்றிலிருந்து இந்த விஷயத்தை விடாமல் படித்து வருகிறேன். குடித்தது எவ்வளவு நேரம் தெரியும் என்று யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள்: ஆறு மணி நேரம், ஒரு நாள், மூன்று நாள், மூன்று மாதம். இவை எல்லாமே ஏதோ ஒரு சோதனைக்குச் சரி. மற்றச் சோதனைகளுக்குத் தவறு.

முதலில் அந்த 88-ஐப் பார்ப்போம்.

மதுவில் உள்ள ஆல்கஹாலைச் செரிக்க வேண்டியதில்லை. வயிற்றில் கொஞ்சமும் சிறுகுடலில் பெரும்பங்கும் அப்படியே இரத்தத்தில் கலந்துவிடும். உடம்பில் நீர் இருக்கும் இடத்துக்கெல்லாம் போய்ப் பரவும். நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளைச் சுற்றி ஓடும் இரத்தத்திலிருந்து ஒரு சிறு அளவு ஆவியாகி மூச்சில் கலக்கும். ஒரு மில்லி இரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறதோ, ஏறத்தாழ அதே அளவு 2100 மில்லி ஆழ்மூச்சில் இருக்கும் என்பது கணக்கு. கருவிக்குள் பிளாட்டினம் பூசிய ஒரு சிறு தகடு இருக்கிறது. மூச்சிலுள்ள ஆல்கஹால் அதில் பட்டு அசிட்டிக் அமிலமாக மாறும்போது ஒரு மெல்லிய மின்சாரம் பிறக்கும். அந்த மின்சாரத்தை அளந்து, 2100 கணக்கைப் போட்டு, இரத்தத்தில் இவ்வளவு இருக்கிறது என்று திரையில் காட்டுகிறது. வாயின் நாற்றத்தை அது முகர்வதில்லை. ஏலக்காய், கிராம்பு, பாக்கு, புதினா மிட்டாய் எதை மென்றாலும் எண் குறையாததற்குக் காரணம் இதுதான். ஆழமாக ஊதச் சொல்வதும் நுரையீரலின் அடியிலிருக்கும் காற்று வேண்டும் என்பதற்காகத்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். இதை 1932-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி எரிக் விட்மார்க் வகுத்துக் கொடுத்தார். நம் ஊர்க் கடையில் விற்கும் பிராந்தி ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால், அதாவது 77 மில்லி. எடையில் ஏறக்குறைய 60 கிராம். எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆண் இதைக் குடித்தால் அவர் இரத்தத்தில் 100 மில்லிக்கு சுமார் 125 மில்லிகிராம் ஏறக்கூடும். பெண்ணின் உடம்பில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே குவார்ட்டர் ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள பெண்ணிடம் 200 வரை போகலாம். சோற்றோடு மெதுவாகக் குடித்தால் உச்சம் கொஞ்சம் தணியும்.

ஏறியதை இறக்குவது கல்லீரல். உடம்புக்குள் போனதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதன் வேலைதான். மூச்சு, வியர்வை, சிறுநீர் வழியாகப் போவது சொற்பம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆல்கஹாலைச் சிதைக்கும் நொதி கொஞ்சம் மதுவிலேயே தன் முழு வேகத்தையும் எட்டிவிடும். அதற்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் வேகம் கூடாது. பலருக்கும் ஒரு மணி நேரத்துக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை இறங்கும், நடுத்தரமாக 15. டிக்கெட் கவுன்டரில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து கொடுப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசை நீண்டாலும் ஒரே நிதானம்தான். கட்டங்காப்பி, மோர், எலுமிச்சைச் சாறு, குளிர்ந்த நீரில் தலைமுழுகல், நடை எதுவும் அந்த ஆளை அவசரப்படுத்தாது. தூக்கமும் அப்படியே. தூங்கும்போது நேரம் போகிறது, அந்த நேரம் மட்டும்தான் உதவுகிறது.

வேன் அண்ணன் ஒன்பது மணிக்குத் தொடங்கி இரண்டு குவார்ட்டர் குடித்திருந்தார். பின்னால் அவரே சொன்னார். அப்படியானால் மொத்தக் கணக்கு 250. மணிக்கு 15 வீதம் காலை ஏழு மணி வரைக்கும் பத்து மணி நேரத்தில் 150 கழிந்திருக்கும். மீதி 100. அவருடைய கல்லீரல் கொஞ்சம் சுறுசுறுப்பாக இருந்ததால் 88. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு அனுமதிக்கும் அளவு 30. அந்த 30-க்குக் கீழே வர அவர் ஏறக்குறைய பகல் பதினொரு மணி வரை காத்திருந்திருக்க வேண்டும். முழுக்க வற்றுவதற்கு மதியம் ஒரு மணி ஆகியிருக்கும்.

ஒரு குவார்ட்டரோடு நிறுத்தியிருந்தால்? நடுத்தர வேகத்தில் அதிகாலை மூன்றரைக்குள் 30-க்குக் கீழே வந்து, ஐந்தரைக்குள் முழுதும் போயிருக்கும். ஆனால் மணிக்கு 10 மட்டுமே இறங்கும் உடம்பாக இருந்தால் காலை ஏழு மணிக்கும் 25 மிச்சம் இருக்கும். சட்டம் தொடாது, ஆனால் உடம்பில் மது இருக்கும். அண்ணன் என்னிடம் கேட்டது, "அப்போ ராத்திரி எத்தன மணிக்கு நிறுத்தணும், சொல்லுங்க?" என்று. கேள்வியே தவறான இடத்தில் நிற்கிறது. எத்தனை மணிக்கு நிறுத்தினோம் என்பதைவிட எவ்வளவு உள்ளே போனது என்பதுதான் மறுநாள் காலையை முடிவு செய்கிறது.

ஆக, மூச்சுக்கும் இரத்தத்துக்கும் தனித்தனிக் கால அளவு கிடையாது. மூச்சு இரத்தத்தின் நிழல். இரத்தத்தில் இருக்கும் வரை மூச்சிலும் இருக்கும். கொஞ்சம் குடித்தவருக்கு நாலைந்து மணி நேரம், மேலே பார்த்தவருக்குப் பதினாறு மணி நேரம், விடிய விடியக் குடித்தவருக்கு ஒரு நாள் முழுக்கவும் ஆகலாம். "மூச்சில் 24 மணி நேரம் தெரியும்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வது சரியல்ல.

மூச்சுச் சோதனை ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அது வாய். மது கலந்த வாய் கொப்பளிக்கும் திரவம், ஹோமியோபதிச் சொட்டு மருந்து, தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்கள் இவற்றை எடுத்த உடனே ஊதினால், வாயில் ஒட்டியிருக்கும் ஆல்கஹாலே கருவிக்குள் போகும். ஆழ்மூச்சு என்று நினைத்து அதையும் கருவி 2100 கணக்கில் பெருக்கிவிடும், எண் எகிறும். 2025-ல் கேரளத்தில் பந்தளம் அரசுப் பேருந்துப் பணிமனையில் குடிக்காத ஓட்டுநர்கள் கருவியில் சிக்கினார்கள். காரணம் தேடியபோது அவர்கள் அன்று காலை சாப்பிட்ட கனிந்த பலாச்சுளை என்று தெரிந்தது. நன்றாகப் பழுத்துப் புளிக்கத் தொடங்கிய சுளையில் கொஞ்சம் ஆல்கஹால் உண்டாகும். சுழியம் காட்டிய ஒருவரையே சுளை சாப்பிடச் சொல்லி ஊத வைத்தபோது கருவி எண் காட்டியது.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. தண்ணீரால் வாயைக் கொப்பளிக்கச் செய்து, எதையும் தின்னவோ குடிக்கவோ விடாமல், பதினைந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டு மறுபடி ஊதச் சொன்னால் போதும். வாயில் ஒட்டியிருந்தது அதற்குள் சுழியத்துக்கு விழுந்துவிடும். இரத்தத்திலிருந்து வருவதாக இருந்தால் பதினைந்து நிமிடத்தில் மூன்று நான்குதான் குறையும். 88 காட்டியவர் 84 காட்டுவார். நேர்மையாகப் பழமோ மருந்தோ சாப்பிட்டு மாட்டிக்கொண்டவர் கேட்க வேண்டியது இந்த இரண்டாவது ஊதலை. உடனே கேட்க வேண்டும். நாளை கேட்டால் பயனில்லை.

மூச்சுச் சோதனையில் சிக்கிக் கைதானவரையும், விபத்தில் அடிபட்டவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். 185-வது பிரிவில் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லையென்றால் விடுவித்துவிட வேண்டும் என்கிறது அதே சட்டம். இந்த அவசரம் காரணமில்லாதது அல்ல. இரவு பத்து மணிக்கு விபத்து, ஆம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரி மாறி, அதிகாலை இரண்டு மணிக்கு இரத்தம் எடுத்தார்கள் என்று வையுங்கள். முடிவு 20 என்று வருகிறது. பார்ப்பவர் "வரம்புக்குள்தானே" என்பார். ஆனால் இடையில் நாலு மணி நேரம் போயிருக்கிறது. மணிக்கு 10 என்றால் விபத்தின்போது 60 இருந்திருக்கும், மணிக்கு 20 என்றால் 100. இப்படிப் பின்னோக்கிக் கணக்கிடும் வழக்கம் தடயவியலில் உண்டு. ஆனால் விபத்துக்குச் சற்று முன்புதான் குடித்தார் என்றால், அந்த நேரத்தில் மது இன்னும் இரத்தத்தில் ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கும். அப்போது இந்தக் கணக்கு பொய்த்துவிடும். கடைசிக் குவளை எப்போது என்பது தெரியாமல் பின்னோக்கிப் போவது ஆபத்து.

இரத்தம் எடுக்கும் விதத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஊசி போடும்முன் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது நர்ஸ்களின் கைப்பழக்கம். ஆல்கஹால் சோதனைக்கு அதைச் செய்யக் கூடாது. ஸ்பிரிட் இல்லாத கிருமிநாசினியால்தான் துடைக்க வேண்டும். பிறகு இரத்தத்தைச் சாம்பல் நிற மூடி போட்ட குப்பியில் எடுப்பார்கள். அதில் சோடியம் ஃபுளோரைடு உப்பு இருக்கும். நுண்ணுயிர்கள் குப்பிக்குள்ளேயே சர்க்கரையைப் புளிக்க வைத்து ஆல்கஹால் ஆக்கிவிடாமல் அது தடுக்கும். இந்த வெயிலில் குளிர்பெட்டி இல்லாமல் நாள் கணக்கில் கிடந்த குப்பியின் முடிவை நான் அப்படியே நம்பமாட்டேன்.

சிறுநீருக்கு வருவோம். இதில் இரண்டு வேறு வேறு சோதனைகளை ஒரே பெயரில் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, சிறுநீரில் ஆல்கஹாலையே தேடுவது. சிறுநீர்ப்பை ஒரு தொட்டி. இரவெல்லாம் சேர்ந்ததை அது வைத்திருக்கும். காலையில் இரத்தம் சுத்தமாகிவிட்ட பிறகும் முதல் சிறுநீரில் நள்ளிரவின் மது இருக்கும். ஆகையால் சிறுநீரில் மது இருப்பதை வைத்து "இப்போது போதையில் இருக்கிறார்" என்று சொல்ல முடியாது. பிரிட்டனில் வாகன ஓட்டிகளிடம் சிறுநீர் எடுக்கும்போது முதலில் போவதை விட்டுவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாவதாகக் கழிப்பதைத்தான் சோதிப்பார்கள். தொட்டியைக் காலி செய்துவிட்டுப் புதிதாக வடிவதைப் பிடிக்கும் வழி அது.

இந்தச் சோதனையில் அநியாயமாக மாட்டக்கூடியவர்கள் சர்க்கரை நோயாளிகள். சிறுநீரில் சர்க்கரை போகிறது, கூடவே ஈஸ்ட் தொற்று இருக்கிறது என்றால், கள் புளிப்பதைப் போலச் சிறுநீரும் புளிக்கும். சேகரித்த புட்டி மேசையில் சும்மா கிடக்கும்போதே ஆல்கஹால் உண்டாகும், சிலருக்குச் சிறுநீர்ப்பையிலேயே உண்டாகலாம். இப்போது பலரும் சாப்பிடும் ஒரு வகைச் சர்க்கரை மாத்திரை, இரத்தத்திலுள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளியே வேலை செய்கிறது. வாழ்நாளில் மதுவைத் தொடாதவர்கூட இப்படி மாட்டலாம்.

இவரைக் காப்பாற்றுவது இரண்டாவது சோதனை. கல்லீரல் மதுவைச் சிதைக்கும்போது மிகச் சிறு பங்கை, நூற்றில் ஒன்றுக்கும் குறைவானதை, வேறு இரண்டு பொருள்களாக மாற்றுகிறது. ஒன்று எத்தில் குளுக்குரோனைடு, சுருக்கமாக இ.டி.ஜி. இன்னொன்று எத்தில் சல்ஃபேட். மது போய்விட்ட பிறகும் இவை சிறுநீரில் தங்கும். ஒன்றிரண்டு பீர் குடித்தவரிடம் ஏறத்தாழ ஒரு நாள் தெரியும். இரண்டு குவார்ட்டர் போன்ற கனமான குடிக்கு இரண்டு மூன்று நாள், சில சமயம் அதற்கும் மேல். "80 மணி நேரம் தெரியும்" என்று எல்லோருக்கும் பொதுவாக விளம்பரம் செய்வது மிகை. புட்டியில் புளித்ததால் வந்த ஆல்கஹால் கல்லீரலைத் தாண்டி வரவில்லை. அந்த சர்க்கரை நோயாளியின் சிறுநீரில் ஆல்கஹால் இருக்கும், இவை இரண்டும் இருக்காது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் சில பாக்டீரியாக்கள் இ.டி.ஜி.யைத் தின்றுவிடும், எத்தில் சல்ஃபேட்டை அவை தொடுவதில்லை.

இந்தச் சோதனை இன்னொரு பக்கம் அளவுக்கு மீறிக் கூர்மையானது. நாளெல்லாம் சானிடைசர் தடவும் செவிலியரிடமும், வாய் கொப்பளிக்கும் திரவத்தை அடிக்கடி பயன்படுத்துபவரிடமும் கொஞ்சம் காட்டிவிடும். அதனால் ஒரு மில்லிக்கு 100 நானோகிராம் என்ற தாழ்ந்த வரம்பில் "ஆம்" என்று வந்தாலே குடித்தார் என்று முடிவு கட்டக் கூடாது. 500-க்கு மேல் என்றால் தற்செயல் என்று சொல்வது கடினம்.

இரத்தத்திலும் இப்படி ஒரு நீண்ட நினைவு இருக்கிறது. மது இருக்கும்போது மட்டும் சிவப்பணுக்களின் மேலுறையில் பாஸ்பாட்டிடைல் எத்தனால் என்ற கொழுப்பு உண்டாகும். ஆய்வகத்தில் 'பெத்' என்பார்கள். நாலிலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். தொடர்ந்து குடித்தவரிடம் இரண்டு முதல் நாலு வாரம் வரை தெரியும். எப்போதாவது ஒரு நாள் கொஞ்சம் குடித்தவரிடம் சீக்கிரமே வரம்புக்குக் கீழே போய்விடும். மில்லிக்கு 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குடிக்கவில்லை, அல்லது மிகச் சொற்பம். 200-க்கு மேல் என்றால் கனமான பழக்கம். கல்லீரல் மாற்று சிகிச்சைக்குக் காத்திருப்பவர் மதுவை உண்மையிலேயே விட்டாரா என்று மருத்துவர் அறிய இது உதவும். காலையில் வேன் ஓட்டலாமா என்று கேட்டால் இதனிடம் பதில் இல்லை.

எல்லாவற்றையும்விட நீண்ட நினைவு முடிக்கு. ஜெர்மனியில் 1.6 புரோமில்லெ, அதாவது நம் கணக்கில் 160 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் குடித்து வண்டி ஓட்டிப் பிடிபட்டால் உரிமம் திரும்பக் கிடைக்க ஒரு தகுதித் தேர்வு உண்டு. மதுவை விட்டுவிட்டேன் என்று சொல்பவர் பெரும்பாலும் ஓராண்டுக்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஒன்று, திடீரென்று அழைக்கும்போதெல்லாம் போய்ச் சிறுநீர் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முடி.

பின்மண்டையில் உச்சிக்குச் சற்றுக் கீழே பென்சில் பருமனில் ஒரு கற்றையை நூலால் கட்டி, தோலை ஒட்டி வெட்டுவார்கள். எது வேர்ப்பக்கம் என்று குறித்துவைப்பார்கள். அதுதான் முக்கியம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். வேர்ப்பக்கத்திலிருந்து மூன்று சென்டிமீட்டர் கடந்த மூன்று மாதம். அதைக் கழுவி, தூளாக்கி, உள்ளே இருக்கும் இ.டி.ஜி.யை அளப்பார்கள். அளவு பிகோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு. ஒரு மில்லிகிராம் முடியில் 5 பிகோகிராமுக்குக் கீழே என்றால் மது தொடவில்லை என்ற சொல்லுக்கு முரண் இல்லை. 30-க்கு மேல் என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால், அதாவது தினம் ஒரு குவார்ட்டர் அளவில் மாதக் கணக்காகக் குடித்தவர்.

மூன்று மாதம் கூட்டிச் சராசரி சொல்லுமே தவிர, எந்த நாள் என்று முடி சொல்லாது. கல்யாண வீட்டில் ஒரு நாள் குடித்தவர் பெரும்பாலும் இதில் தெரியவே மாட்டார். முடியை வெளுக்க வைக்கும் ரசாயனமும் சுருள வைக்கும் ரசாயனமும் இ.டி.ஜி.யைக் கரைத்துவிடும். ஆகையால் அங்கே சாயம் பூசிய முடியை இந்தச் சோதனைக்கு ஏற்பதில்லை. சிறுநீரகம் பழுதானவர்களிடம் எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம்.

பழனிக்கோ திருப்பதிக்கோ போய் மொட்டை போட்டு வந்தவருக்கு? தாடியையோ நெஞ்சு முடியையோ எடுத்துப் பார்க்கலாம், ஆனால் அவை தலைமுடியைப் போல மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் வளர்வதில்லை. எந்த மாதத்தைச் சொல்கிறது என்று பிரிக்க முடியாது. தலையில் மூன்று சென்டிமீட்டர் திரும்ப வளர மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதுதான். அப்படி வளர்ந்தாலும் கடைசி ஒன்றிரண்டு வாரம் அதில் இருக்காது. தோலுக்கு அடியில் உருவாகும் முடி கத்திரிக்கோலுக்கு எட்டும் உயரத்துக்கு வர அவ்வளவு நாள் ஆகும். நேற்றிரவு மச்சான் வீட்டில் நடந்ததைக் கேட்க வேண்டுமென்றால் மூச்சைத்தான் கேட்க வேண்டும், அதையும் இன்று மதியம் ஒரு மணிக்குள்.